எங்கள் நகரில் ஓட்டெடுப்பு வைத்து வாடகைக்குத் தடை போட்டிருக்கிறார்கள். 61 பேர் சொன்னால் அது சரியாகிவிடுமா?

காட்பாடி_மாடிவீடு

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் இருப்பது காட்பாடி பக்கம் ஒரு நகர், 90 வீடுகள். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிற மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்தால் லாட்ஜ் கட்டுப்படியாகாது என்று வீடு தேடி வருவார்கள், இது வேலூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் நகரில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் மாடியை அவர்களுக்கு விடுகிறோம். போன மாதம் நலச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஓர் ஓட்டெடுப்பு போட்டார்கள். "வெளிமாநில நோயாளிக் குடும்பங்களுக்கு இனி வீடு விடக் கூடாது, ஆமாம் அல்லது இல்லை." 61 ஆமாம், 9 இல்லை. மறுநாளே தீர்மானம் ஆகிவிட்டது.

நான் எதிர்த்துப் பேசினேன். செயலாளர் படித்தவர், நல்ல மனுஷர், தெருவிளக்கு வந்ததே அவரால்தான். அவர் சொன்னார்: "சுவிட்சர்லாந்தில் ஒரு வெளிநாட்டுக்காரனுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்பதையே ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதைவிடப் பெரிய ஜனநாயகம் எங்கே இருக்கிறது? நாம் வாடகையைத்தானே சொல்கிறோம்." எனக்கு உடனே பதில் வரவில்லை.

என் மாடியில் இருப்பது ஒரு தாயும் 11 வயதுப் பையனும். பையனுக்கு ரத்த சம்பந்தமான நோய், இன்னும் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அந்தக் குழுவில் ஓட்டும் கிடையாது, தமிழும் தெரியாது. அவர் சொன்ன சுவிட்சர்லாந்து விஷயம் உண்மையா? உண்மை என்றால், இதில் தப்பு எங்கே இருக்கிறது?

குடியாத்தம்_தறி

உண்மைதான் நண்பரே, ஆனால் பழைய கதை. 2003-இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி ஓட்டெடுப்பு எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சிறுபான்மையினர் உரிமையை ஓட்டுக்கு விடவே கூடாது என்பது தீர்ப்பு. பிறகு மசூதி மினாருக்குத் தடை கேட்டு ஓட்டு நடந்தது, அதையும் கோர்ட் தூக்கி எறிந்துவிட்டது. நம் நாட்டில் அரசியல் சட்டம் 15-ஆவது பிரிவே இருக்கிறது, மதம், சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. தைரியமாகப் போய்ச் சொல்லுங்கள், உங்கள் சங்கத் தீர்மானம் குப்பைக்கூடைக்கு.

வாலாஜா_கிழக்கு

இங்கே கிராம சபை பற்றிப் பேசுகிறீர்கள் போல. எங்கள் ஊரில் மதுக்கடையை எடுக்கச் சொல்லி மூன்று கிராம சபையில் தொடர்ந்து தீர்மானம் போட்டோம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அப்புறம் ஜனவரி 26. எல்லோரும் கையெழுத்து, பெண்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குக் காகிதம் போகிறது, கடை அங்கேயேதான் இருக்கிறது. மக்கள் சொல்வதை யார் கேட்கிறார்கள் இந்த நாட்டில்? உங்கள் சங்கத்திலாவது மக்கள் சொன்னது நடக்கிறதே. மக்கள் ஓட்டுக்கு மதிப்பு வேண்டும் என்கிற கட்சி நான்.

ராணிப்பேட்டை_தோல்

காட்பாடி நண்பருக்கு. நான் தோல் பதனிடும் ரசாயனத் துறையில் இருந்தவன், வேலை காரணமாக 1998-இலிருந்து எட்டு வருடம் லூசர்ன் நகரத்துப் பக்கம் குடியிருந்தேன். உங்கள் செயலாளர் சொல்கிற ஊர் எது என்று எனக்குத் தெரியும், நாங்கள் இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். எம்மன் என்று பெயர். நம் ராணிப்பேட்டை மாதிரியே தொழிற்சாலை ஊர், வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நிறைய.

அந்த நாட்டில் குடியுரிமை மூன்று அடுக்கு. மத்திய அரசு, மாநிலம் மாதிரி இருக்கிற கன்டோன், அதற்குக் கீழே ஊராட்சி, மூன்றும் சரி என்று சொல்ல வேண்டும். ஊராட்சி அடுக்கில் யார் முடிவு செய்வது என்பது ஊருக்கு ஊர் வேறு. சில ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், சில ஊரில் நம் கிராம சபை மாதிரிக் கூட்டம். எம்மனில் 1999-இல் ஒரு கட்சி கையெழுத்து வாங்கி, இனி ரகசிய வாக்குச் சீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கொண்டு வந்து ஜெயித்தது.

முதல் ஓட்டு 2000 மார்ச்சில். 23 விண்ணப்பம், ஆட்கள் என்று எண்ணினால் 56 பேர். வீடு வீடாக ஒரு சிறு புத்தகம் வந்தது. அதில் விண்ணப்பித்தவர் யார், எந்த நாட்டிலிருந்து வந்தார், என்ன வேலை, குடும்பம் எப்படி என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஆமாம் அல்லது இல்லை. முடிவு என்ன தெரியுமா? இத்தாலியிலிருந்து வந்த நான்கு குடும்பம், 8 பேர், எல்லோரும் ஜெயித்தார்கள். மற்ற எல்லோரும் தோற்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் யுகோஸ்லாவியா பக்கத்தவர்கள். அவர்களில் அங்கேயே பள்ளிக்கூடம் படித்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு.

யாராவது ஒருத்தர் மொழி தெரியாமலோ வரி கட்டாமலோ தோற்றிருந்தால் சரி என்று விடலாம். ஆனால் அந்த விண்ணப்பங்கள் ஏற்கெனவே அதிகாரிகளும் குழுவும் பார்த்து, தகுதி உண்டு என்று அனுப்பியவை. தோற்ற ஒருவர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? "ஓட்டு விழவில்லை." அவ்வளவுதான். "ஏன் விழவில்லை?" "அது ரகசியம்."

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2003 ஜூலையில் தீர்ப்பு. குடியாத்தம் நண்பர் இந்த இடத்தில் பாதி சரி. "சிறுபான்மையினர் விஷயத்தை ஓட்டுக்கு விடக் கூடாது" என்று அந்தக் கோர்ட் சொல்லவில்லை. ஒரு தனி ஆளின் விண்ணப்பத்தை மறுப்பது சட்டத்தை ஓர் ஆள் மீது பிரயோகிப்பது, அப்படி மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும், ரகசிய ஓட்டில் காரணம் சொல்ல வழியே இல்லை என்றுதான் சொன்னது. காரணம் இல்லையென்றால் அந்த மறுப்பில் பாகுபாடு இருந்ததா என்று யாராலும் பரிசோதிக்க முடியாது. ஆயிரக்கணக்கான பேர் ஆயிரக்கணக்கான காரணத்துக்காக ஓட்டுப் போட்டிருப்பார்கள், சிலருக்குக் காரணமே இருந்திருக்காது.

அதனால் உங்கள் செயலாளரிடம் சொல்லுங்கள், அவர் சொன்ன முறை இருந்தது, அதே நாட்டின் கோர்ட்தான் அதை நிறுத்தியது.

கோட்டை_மதில்

ராணிப்பேட்டை ஐயா, விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் கதையின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பை மாற்றி மறுபடியும் ஓட்டு முறையைக் கொண்டு வர வேண்டும் என்று பெரிய கட்சி ஒன்று கையெழுத்து வாங்கி நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தது. 2008 ஜூனில். மக்கள் என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே மக்கள்தான்! மக்களை நம்பக் கூடாது என்று நாம் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அயர்லாந்தில் 2015-இல் ஒரே பாலினத் திருமணத்தை 62 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு ஏற்றார்கள், அதைக் கோர்ட் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்து என்ன நடந்தது என்று பாலாற்றைப் பார்த்தாலே தெரியும். மணல் எடுக்கலாமா, தோல் கழிவு எங்கே போகலாம் என்று கரையில் இருப்பவர்களிடம் ஒரு தடவை ஓட்டுக் கேட்டிருந்தால் ஆறு இப்படி ஆகியிருக்காது. வாலாஜா நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ராணிப்பேட்டை_தோல்

கோட்டை_மதில் சொன்னது சரி, 2008 முடிவை நான் விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நான் இந்தியா திரும்பிவிட்டேன், ஆனால் பழைய பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொன்னார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். 2008-இல் மக்கள் முன்னால் இருந்தது பொதுவான ஒரு விதி. 2000-இல் எம்மனில் இருந்தது ஒரு பெயரும் ஒரு நாடும். அதே மனிதர்கள் பொது விதி என்று கேட்டால் யோசித்து நியாயமாகச் சொல்கிறார்கள், ஒரு பெயரைக் காட்டினால் அந்தப் பெயரின் ஒலியைப் பார்க்கிறார்கள். இதை ஹைன்முல்லர், ஹங்கார்ட்னர் என்று இரண்டு ஆய்வாளர்கள் பத்து, இருபது வருடக் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். 2003-க்குப் பிறகு நிறைய ஊர்கள் ஓட்டை விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் முடிவைக் கொடுத்தன. அப்படி மாறிய ஊர்களில் குடியுரிமை கிடைப்பது ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. ஊரும் அதே, ஜனமும் அதே. அந்த மன்றத்துக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்பதால் இல்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதிய காரணம் மேலே கோர்ட்டில் நிற்க வேண்டும், அந்தப் பயம்.

ஆம்பூர்_மல்லி

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மினார் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். குடியாத்தம் அண்ணன் கோர்ட் தூக்கி எறிந்துவிட்டது என்கிறார். என் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான், அவன் சொல்வது அந்தத் தடை இன்றைக்கும் அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்று. எது சரி?

எங்கள் தெருவில் மினாரும் கோயில் கோபுரமும் ஒரே பார்வையில் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துத்தான் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்வோம். ஒரு கட்டடத்தைப் பார்த்து ஒரு நாடே ஓட்டுப் போடும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ராணிப்பேட்டை_தோல்

உங்கள் தம்பி சொன்னதுதான் சரி அம்மா. தடை இருக்கிறது. 2009 நவம்பர் 29 ஓட்டு, 57.5 சதவீதம் ஆமாம்.

அது எப்படித் தொடங்கியது என்று சொன்னால்தான் இதன் ஆபத்து புரியும். வாங்கன் என்று ஒரு சின்ன ஊர், ஓல்டன் பக்கத்தில். அங்கே ஒரு துருக்கிச் சங்கம் தன் கட்டடத்தின் மேல் ஐந்தாறு மீட்டரில் ஒரு சின்ன மினார் வைக்க 2005-இல் அனுமதி கேட்டது. நம் ஊரில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிற்கிற உயரம். பக்கத்துக்காரர்கள் எதிர்த்தார்கள், ஊராட்சி மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சங்கம் ஜெயித்து, 2009-இல் மினாரும் வந்தது. அதாவது எம்மன் மாதிரியே இங்கேயும் கோர்ட் காப்பாற்றியது.

ஆனால் தோற்றவர்களுக்கு இன்னொரு வாசல் இருந்தது. அங்கே 18 மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து வாங்கினால் அரசியல் சட்டத்தையே திருத்த நாடு முழுக்க ஓட்டுக் கேட்கலாம். வாங்கினார்கள். அரசும் வேண்டாம் என்றது, நாடாளுமன்றமும் பெரிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றது, கருத்துக்கணிப்பும் தோற்கும் என்றே சொன்னது. ஓட்டெண்ணியபோது ஜெயித்துவிட்டது. அன்று நாடு முழுக்க மினார் எத்தனை? நான்கு. ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள், அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்கள், ஓட்டே கிடையாது.

இப்போது ஏன் கோர்ட் தலையிடவில்லை என்றால், எம்மனில் நடந்தது ஊராட்சி மட்டத்து முடிவு, அது அரசியல் சட்டத்துக்குக் கீழே இருந்தது, அதனால் சட்டத்தை வைத்து அளக்க முடிந்தது. மினார் தடை அரசியல் சட்டமாகவே ஆகிவிட்டது. எதை வைத்து அளப்பது? ஓட்டுக்கு முன்னால் நாடாளுமன்றம் ஒரு பரிசோதனை செய்யும், ஆனால் அது மிகக் குறுகலானது. சித்திரவதை, இனப்படுகொலை மாதிரி எந்த நாடும் மீற முடியாத சர்வதேச விதிகளை மீறினால்தான் நிறுத்தலாம். மத உரிமை, சமத்துவம் அந்தப் பட்டியலில் வராது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீங்கள் யாரும் இப்போது மினார் கட்டப் போவதில்லை, நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்று 2011-இல் விசாரணைக்கே எடுக்கவில்லை.

இது புதுசும் இல்லை. இந்தக் கையெழுத்து முறையில் அந்த நாட்டில் நடந்த முதல் ஓட்டே 1893-இல், மயக்கமடையச் செய்யாமல் ஆடு மாடு அறுக்கக் கூடாது என்று. பேச்செல்லாம் மிருகவதை பற்றி இருந்தது, அடி விழுந்தது யூதர்களின் மேல். 60 சதவீதம் ஆமாம். மிருகத்தின் மேல் உண்மையான அக்கறையில் ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள், யூதர்கள் பிடிக்காமல் போட்டவர்களும் இருந்தார்கள், சீட்டில் இரண்டும் ஒரே ஆமாம். அரசியல் சட்டத்திலிருந்து அதை எடுக்க 80 வருடம் ஆனது, தடை வேறு சட்டத்தில் இன்றைக்கும் தொடர்கிறது.

குடியாத்தம்_தறி

சரி ஐயா, நான் இரண்டு வழக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன். வாங்கன் வழக்கில் கோர்ட் ஜெயிக்க வைத்ததைத்தான் நான் மினார் தடையை ரத்து செய்ததாக நினைத்திருக்கிறேன். ஆனால் 15-ஆவது பிரிவு? அதில் நான் தவறவில்லையே.

பேரணாம்பட்டு_கீழ்த்தெரு

வெளிநாட்டுக்குப் போகவே தேவையில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி விடவில்லை என்று பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி எங்கள் ஆட்கள் சடலத்தை இறக்கிய வீடியோவை எல்லோரும் பார்த்தீர்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. அந்த வழியை விடலாமா கூடாதா என்று ஊரில் ஓட்டு வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யாராவது சொல்ல வேண்டுமா?

எங்கள் ஊரில் நேராக அப்படி ஓட்டு வைக்க மாட்டார்கள். கிராம சபையில் "பொதுப் பாதை ஆக்கிரமிப்பு", "சுகாதாரம்" என்று தீர்மானம் வரும், கை தூக்கச் சொல்வார்கள், எங்கள் தெரு ஆள் எதிரே நிலத்துக்காரர் உட்கார்ந்திருப்பார், நாளைக்கு அவர் நிலத்தில்தான் வேலை. கையைத் தூக்காமல் இருக்க முடியுமா? ஐயா ரகசிய ஓட்டு கெட்டது என்கிறார். எங்களுக்கு வெளிப்படை ஓட்டுதான் பயம். இதையும் யோசியுங்கள்.

ராணிப்பேட்டை_தோல்

இதை நான் யோசிக்கவில்லை தம்பி. காரணம் வெளியே வர வேண்டும் என்றால் கூட்டம் திறந்திருக்க வேண்டும், பயமில்லாமல் ஓட்டுப் போட வேண்டும் என்றால் மூடியிருக்க வேண்டும். அங்கே இதற்கு ஒரு வழி வைத்தார்கள், 2009-இலிருந்து சட்டம். ஊர்க் கூட்டத்தில் குடியுரிமையை மறுக்க வேண்டுமானால், முதலில் யாராவது எழுந்து மறுக்கச் சொல்லிக் காரணத்தோடு முன்மொழிய வேண்டும். காரணம் யாரும் சொல்லவில்லை என்றால் மறுப்புக்கே இடமில்லை. அங்கே சம்பளம் கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் அது ஓடுகிறது. நம் கீழ்த்தெருவுக்கு அது போதாது என்று நீங்கள் சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒடுகத்தூர்_மலையடி

வாலாஜா நண்பருக்கும் கோட்டை_மதிலுக்கும் ஒன்று. நேரடி ஓட்டு சிறுபான்மையைக் காப்பாற்றிய இடமும் இருக்கிறது, ஒடிசாவில் நியம்கிரி. பாக்சைட் சுரங்கம் வரலாமா என்று கிராம சபைகளே பார்த்து முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. மலையில் இருக்கிற 12 ஊரில் சபை கூடியது, ஒவ்வொன்றாக 12-உம் வேண்டாம் என்றன. அந்த மலையில் வாழும் பழங்குடிகளான டோங்கிரியா கோண்டுகள் ஒடிசா மாநிலத்தில் மிகச் சின்ன எண்ணிக்கை. மாநிலம் முழுக்க ஓட்டு வைத்திருந்தால் வேலை வரும், வருமானம் வரும் என்று சுரங்கம்தான் ஜெயித்திருக்கும். மலை யாருடைய சாமியோ அவர்களிடம் மட்டும் கேட்டார்கள். நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறவன், அதனால் இதை உன்னிப்பாகக் கவனித்தேன்.

அதனால் முதல் கேள்வி எத்தனை சதவீதம் என்பது இல்லை. யாரிடம் கேட்கிறீர்கள், யாருக்கு அடி விழும், இரண்டும் ஒரே ஆட்களா? வாலாஜா ஊரில் மதுக்கடையால் அடிபடுகிறவர்களே தீர்மானம் போட்டார்கள், அதை மதிக்காதது அநியாயம். காட்பாடியில் 61 பேர் ஓட்டுப் போட்டார்கள், வெளியே போகப் போவது அந்த 61 பேரில் ஒருத்தரும் இல்லை.

வாலாஜா_கிழக்கு

நான் முதலில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். ஆனாலும் கேட்கிறேன், மதுக்கடை வேண்டும் என்கிறவன் எங்கள் ஊரில் சிறுபான்மைதானே? அவனுக்கும் இந்தக் கணக்கைப் போடுவீர்களா?

ஆம்பூர்_மல்லி

வாலாஜா அண்ணா, பக்கத்து ஊருக்குப் போய் வாங்குவது வேறு. தான் பிறந்த மதத்தையோ சாதியையோ ஊரையோ யாரும் பக்கத்து ஊரில் விட்டுவிட்டு வர முடியாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் கோடு எங்கே என்று கேட்டால் அளந்து சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் நாங்கள் பெரும்பான்மையாக இருக்கிற தெருக்கள் உண்டு. அங்கே வேறு ஆட்களுக்கு வீடு விடுவதில்லை என்று ஜமாஅத் கூட்டத்தில் இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சில் முடிவாகியிருக்கிறது. மினார் ஓட்டைப் பற்றி அழுகிற நான் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சத்துவாச்சாரி_கருப்பு_கோட்டு

15-ஆவது பிரிவு பற்றிக் கேட்டார்கள். வக்கீலாக இருப்பதால் சொல்கிறேன், குடியாத்தம் நண்பர் நினைக்கிற அளவுக்கு அது நீளாது. பாகுபாடு காட்டக் கூடாது என்பது முதலில் அரசுக்குச் சொன்னது. கடை, ஓட்டல், கிணறு, குளம் மாதிரிப் பொது இடங்களுக்குத் தனியாரையும் கட்டும். தனியார் வீட்டு வாடகையைத் தெளிவாகத் தொடவில்லை. 2005-இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டும்தான் உறுப்பினர் இடம் என்கிற சங்க விதியை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்காது, ஆனால் இருக்கிறது.

ஆனால் காட்பாடி நண்பருக்கு நல்ல செய்தி வேறு பக்கம். அந்தப் பார்சி சங்கத்தில் விதி தொடக்கத்திலிருந்தே பதிவான துணைவிதியில் இருந்தது, நிலமும் சங்கத்தினுடையது. உங்களுடையது தெருக்காரர்கள் சேர்ந்து வைத்த நலச் சங்கம். உங்கள் மாடி உங்கள் பட்டா. துணைவிதியை எடுத்துப் பாருங்கள், வீட்டுக்காரர் யாருக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் அதில் இருக்கிறதா? பெரும்பாலும் விளக்கு, வாய்க்கால், காவலாளி, பொங்கல் விழா இவைதான் இருக்கும். இல்லாத அதிகாரத்தை வாட்ஸாப்பில் 61 பேர் சேர்ந்து உண்டாக்க முடியாது. துணைவிதியைத் திருத்துவதென்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு கூட்ட வேண்டும், அதுவும் நடக்கவில்லை.

அவர்கள் தண்ணீரை நிறுத்தினாலோ கேட்டை மூடினாலோ உடனே எழுதுங்கள், அது வேறு வழக்கு.

கோட்டை_மதில்

சட்டம் சரி வக்கீல் சார். ஆனால் 61 பேர் மனசில் இருப்பது நோட்டீஸ் கொடுத்தால் போய்விடாது. கோர்ட்டில் தோற்றவர்கள்தான் மினார் ஓட்டைக் கொண்டு வந்தார்கள் என்று இங்கேயே படித்தோம். பேசாமல் ஜெயித்தால் அடுத்த வருடம் முறைப்படி துணைவிதியைத் திருத்திக் கொண்டு வருவார்கள்.

காட்பாடி_மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

துணைவிதியை வாங்கிப் பார்த்தேன், வக்கீல் சார் சொன்ன மாதிரியே வாடகை பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் கோட்டை_மதில் சொன்னது உறுத்தியதால் நோட்டீஸ் பேச்சை எடுக்கவில்லை. செயலாளரிடம் எம்மன் கதை முழுவதையும் சொன்னேன், 2003 தீர்ப்பு வரை. அவருக்கு அது தெரியாது, குடியுரிமை ஓட்டு நடந்தது வரைதான் எங்கோ படித்திருக்கிறார். ஒரு கூட்டம் போடுங்கள், கூடாது என்கிறவர்கள் காரணத்தைச் சொல்லட்டும், மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு 34 பேர் வந்தார்கள். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தண்ணீர் என்றார், கோடையில் போர்வெல் இறங்குகிறது, ஒரு மாடியில் ஆறு பேர் தங்கினால் எப்படி என்றார். நியாயமான பேச்சு. ஒருவர் குப்பை என்றார். ஒரு பெண் இரவில் ஆட்டோ வந்து போகிற சத்தம் என்றார். ஒருவர் அவர்கள் எந்த மதமோ எந்த நாடோ, யாருக்குத் தெரியும் என்றார். செயலாளர் பேனாவை வைத்துக்கொண்டு, இதை அப்படியே எழுதலாமா என்று கேட்டார். பேசியவரே எழுத வேண்டாம் என்றார்.

கடைசியில் ஒரு வீட்டில் எத்தனை பேர், தண்ணீருக்கு எவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வைக்கலாம் என்று பேச்சு போனது. பழைய தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, "நிலுவையில்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் பயந்து தங்கள் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு குடும்பம் போயேவிட்டது, எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

பேரணாம்பட்டு_கீழ்த்தெரு

அந்தக் கூட்டத்தில் உங்கள் மாடியில் இருக்கிற அம்மா உட்கார்ந்திருந்தாரா?

காட்பாடி_மாடிவீடு

இல்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு, பையனுக்கு அன்று ஆஸ்பத்திரி இல்லை. இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த அம்மா பேசுவார், அதற்கு ஆள் தேடுகிறேன். காட்பாடி பக்கம் யாராவது வர முடியுமென்றால் எழுதுங்கள்.